மீன் அல்லா க்ரில்யா சொல்லும் முன் எடையைக் கேளுங்கள்

இத்தாலியில் மெனு அட்டை பெரும்பாலும் நாலு பகுதியாக இருக்கும். அந்திபாஸ்தி முதலில் கொறிப்பதற்கு. ப்ரீமியில் பாஸ்தாவும் ரிசோட்டோவும், செகொந்தியில் மீனும் இறைச்சியும், கொந்தோர்னியில் காய்கறி. எல்லாவற்றிலும் ஒன்று எடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. பாஸ்தா அல் தென்தே பதத்தில் வரும், கடிக்கும்போது நடுவில் கொஞ்சம் இறுக்கம் தெரியும். வேகவில்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள், அதுதான் சரியான பதம்.

இவை பெரிய விஷயமில்லை. பணம் போவது அல்லா க்ரில்யாவில்தான், அதாவது தணலில் சுட்டது. பலேர்மோவுக்குப் புதிதாக வந்த என் நண்பனும் மனைவியும் கடற்கரையோரம் ஒரு கடையில் 'ஒராத்தா அல்லா க்ரில்யா, 6 யூரோ' என்று பார்த்துச் சந்தோஷமாகச் சொல்லிவிட்டார்கள். விலைக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'எத்தோ' என்று இருந்திருக்கிறது. எத்தோ என்றால் 100 கிராம். பரிமாறுபவர் தட்டில் ஒரு முழு மீனைக் கொண்டுவந்து காட்டினார். நல்ல மீன் என்று தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டல்தான் சம்மதம். மீன் 850 கிராம், பில்லில் மீனுக்கு மட்டும் 51 யூரோ! எடையைச் சொல்லாமல் தலையாட்ட வைத்த அந்த ஆள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

எடை போடுவது பச்சை மீனை, தலை முள்ளோடு சேர்த்து. ஒருவருக்கு 300 முதல் 400 கிராம் மீன் போதும், இந்த விலையில் 18 முதல் 24 யூரோ ஆகும். சில அட்டைகளில் விலையே இருக்காது, எஸ்.கியூ. என்ற இரண்டு எழுத்து மட்டும் இருக்கும். அதற்கும் அளவைப் பொறுத்து விலை என்றுதான் பொருள். மீனைக் காட்டும்போதே "குவான்தோ பேசா?" என்று எடையைக் கேளுங்கள், அப்புறம் "குவான்தோ வியேனே?" என்று மொத்த விலையைக் கேளுங்கள். பெரிதாகத் தெரிந்தால் "பியூ பிக்கோலோ" என்று சொல்லிச் சின்னதாகக் கேட்கலாம். மீன் கரிக்கம்பியில் ஏறுவதற்கு முன் இதையெல்லாம் கேட்பதில் வெட்கமே வேண்டாம், இத்தாலியர்களும் கேட்கிறார்கள்.

மசாலாவை எதிர்பார்க்காதீர்கள். உப்பு, ஆலிவ் எண்ணெய், ஒரு துண்டு எலுமிச்சை, அவ்வளவுதான். மிளகாய்த்தூளும் மஞ்சளும் தடவிப் பொரித்த மீனை நினைத்துக்கொண்டு போனால் மனம் வாடும். ஆனால் மீன் புதிதாக இருந்தால் அந்த ருசி வேறு, நான் இப்போது அதைத்தான் விரும்பிக் கேட்கிறேன். பக்கத்தில் உருளைக்கிழங்கோ கீரையோ வேண்டுமென்றால் கொந்தோர்னியில் தனியாகச் சொல்ல வேண்டும், விலையும் தனி. கொபெர்த்தோ என்று ஆளுக்கு இரண்டு யூரோ போல பில்லில் வந்தால் அதற்காகச் சண்டை போடாதீர்கள். மேசைக்கும் ரொட்டிக்கும் வாங்குவது அது, அட்டையின் அடியில் எழுதியிருப்பார்கள்.