துளையும் தொலைத்தொடுகோடுகளும் உள்ள ஒரு விகிதமுறு சார்பை வரைவது எப்படி?

போன வாரம் என் அக்கா மகளுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தேன். நான் படித்த காலத்தில் தடுக்கி விழுந்த அதே இடத்தில்தான் அவளும் நின்றாள். அதனால் இதை எழுதுகிறேன். எடுத்துக்கொண்ட சார்பு இதுதான்:

```
f(x) = (x³ - x) / (x³ - x² - 4x + 4)
```

முதலில் மேலும் கீழும் காரணிப்படுத்த வேண்டும். பகுதியில் முதல் இரண்டு உறுப்புகளிலிருந்து x²-ஐயும் அடுத்த இரண்டிலிருந்து -4-ஐயும் வெளியே எடுத்தால் (x - 1) பொதுவாக வந்துவிடும்.

```
f(x) = x(x + 1)(x - 1) / ((x - 1)(x - 2)(x + 2))
```

(x - 1) அடிபடுகிறது. மீதி இருப்பதை g(x) என்று வைத்துக்கொள்வோம்:

```
g(x) = x(x + 1) / ((x - 2)(x + 2))
```

நான் விழுந்தது இங்கேதான். x = 1 என்றால் பகுதி பூச்சியம், ஆகவே அங்கே ஒரு நிலைக்குத்துத் தொலைத்தொடுகோடு என்று கோடு போட்டேன். தொகுதியும் பூச்சியம்தானே என்று x அச்சில் 1-இல் ஒரு புள்ளியும் வைத்தேன். இரண்டுமே தப்பு. 1-க்கு மிக அருகில் மதிப்பைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். x = 0.9 என்றால் சுமார் -0.54, x = 1.1 என்றால் சுமார் -0.83. முடிவிலிக்கும் ஓடவில்லை, பூச்சியத்தையும் நெருங்கவில்லை. g(1) = 2/(-3), அதாவது -2/3. வளைவு அந்த உயரத்தை நோக்கித்தான் போகிறது, ஆனால் f-க்கு அந்த ஒரு புள்ளியில் மட்டும் மதிப்பு கிடையாது. எனவே துளை இருப்பது (1, -2/3) என்ற இடத்தில். துளையின் x மதிப்பை அடிபட்ட காரணி தரும், y மதிப்பை மீதமிருக்கும் g தரும்.

அடிபடாமல் கீழே தங்கிய காரணிகளிலிருந்து x = 2, x = -2 என இரண்டு நிலைக்குத்துத் தொலைத்தொடுகோடுகள். மேலே தங்கியவற்றிலிருந்து x அச்சை வெட்டும் இடங்கள் 0, -1. மேலும் கீழும் ஒரே படி, முதன்மைக் கெழுக்கள் 1, 1. ஆகவே கிடைமட்டத் தொலைத்தொடுகோடு y = 1.

இந்தப் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். தொலைவில் என்ன நடக்கிறது என்பதைத்தான் கிடைமட்டக் கோடு சொல்கிறது. நடுவில் வளைவு அதை வெட்டிப் போகலாம், தடையில்லை. நிலைக்குத்துக் கோட்டை மட்டும்தான் ஒருபோதும் வெட்டாது, ஏனென்றால் அங்கே சார்புக்கு மதிப்பே இல்லை. நம் சார்பில் g(x) = 1 என்று வைத்தால் x² + x = x² - 4, அதாவது x = -4. அந்த இடத்தில் வளைவு கோட்டை வெட்டுகிறது.

இனி ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு மதிப்பு போதும்.

```
x = -5     g ≈ 0.95
x = -3     g = 1.2
x = -1.5   g ≈ -0.43
x = -0.5   g ≈ 0.07
x = 1.5    g ≈ -2.14
x = 3      g = 2.4
```

இடப்பக்கத் துண்டு y = 1-க்குச் சற்றுக் கீழே வந்து, x = -7.5 அருகில் 0.93 வரை இறங்கி, திரும்ப ஏறி, -4-இல் கோட்டை வெட்டி, -2-ஐ ஒட்டி மேலே போய்விடும். நடுத்துண்டு -2-க்கு வலப்புறம் அடியிலிருந்து ஏறி வந்து, -1-க்கும் 0-க்கும் நடுவே மட்டும் அச்சுக்கு மேலே லேசாகத் தலைகாட்டி, பிறகு இறங்கி, துளையைக் கடந்து 2-ஐ ஒட்டிக் கீழே போகும். வலப்பக்கத் துண்டு 2-ஐ ஒட்டி மேலிருந்து இறங்கி y = 1-க்குச் சற்று மேலே படியும்.

ஓர் அலகுக்கு 1 செ.மீ. வைத்தால் அந்த 0.93 பள்ளம் ஒரு மில்லிமீட்டர் கூட வராது. அதனால் கொஞ்சம் மிகைப்படுத்தியே வரையுங்கள், பக்கத்தில் மதிப்பை எழுதிவிடுங்கள். துளைக்கு, நான் முதலில் வளைவை முழுசாக இழுத்துவிட்டு, பிறகு (1, -2/3)-இல் சின்ன வட்டம் போட்டு உள்ளே இருக்கும் கோட்டை அழிப்பேன். முதலிலேயே வட்டம் போட்டால் வளைவு அதைச் சுற்றி நெளிந்துவிடுகிறது.

சரிபார்க்க எனக்கு டெஸ்மாஸ் என்ற வரைபடச் செயலி போதும். ஆனால் அதையே முதலில் திறந்தால் துளை கண்ணில் படாமல் போய்விடும், கோடு தொடர்ச்சியாகவே தெரியும். f(1) என்று தனியாக எழுதிப் பாருங்கள், undefined என்று வரும். தொகுதி முழுவதையும் அடைப்புக்குறிக்குள் போட மறக்காதீர்கள். இல்லையென்றால் x மட்டும்தான் மேலே ஏறும், படமே வேறாகிவிடும்.

பின்சேர்க்கை: கீழே (x - 1)² இருந்தால் அங்கேயும் துளைதானா என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. ஒரு (x - 1) அடிபட்டாலும் இன்னொன்று கீழே தங்கிவிடுகிறது, எனவே x = 1 தொலைத்தொடுகோடாகிவிடும். அப்புறம், கீழே படி ஒன்று கூடிவிடுவதால் கிடைமட்டக் கோடும் y = 1-இலிருந்து y = 0-க்கு இறங்கிவிடும்.