எஜெக்ட் செய்தும் ஸ்கேன் கேட்கும் பென் டிரைவ்: நாம் எங்கே தவறுகிறோம்?

கல்முனையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் 32 ஜிபி பென் டிரைவ் ஒன்றைக் கொண்டுவந்தார். "தம்பி, ஒவ்வொரு முறையும் எஜெக்ட் குடுத்துத்தான் கழட்டுறன். திருப்பியும் ஸ்கேன் பண்ணச் சொல்லிக் கேக்குது" என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் எஜெக்ட் செய்தால் அந்த அறிவிப்பு போய்விடும் என்று நினைப்பதுதான் இதில் முதல் தவறு.

டிரைவில் எழுதும் வேலை நடக்கும்போது, "வேலை முடியவில்லை" என்று ஒரு சின்னக் குறி அதிலேயே போடப்படும். டர்ட்டி பிட் என்பது அதுதான். எழுதி முடிந்ததும் அந்தக் குறி அழிக்கப்படும். முடியுமுன் கழற்றினாலோ கரண்ட் போனாலோ குறி அப்படியே நின்றுவிடும். அடுத்த முறை செருகும்போது விண்டோஸ் அதைப் பார்த்துவிட்டு ஸ்கேன் செய்யச் சொல்கிறது.

இங்கே பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. செருகும்போதே குறி இருந்தால், எஜெக்ட் செய்யும்போது விண்டோஸ் அதை அழிக்காது. வேறு எங்கோ வந்த பழுது இன்னும் பார்க்கப்படவில்லை என்பதால் அப்படியே விட்டுவிடும். அதனால், ஒருமுறை குறி விழுந்த டிரைவை எத்தனை தடவை ஒழுங்காக எஜெக்ட் செய்தாலும் கேள்வி வந்துகொண்டே இருக்கும். அழிக்க வேண்டுமென்றால் சோதித்துத் திருத்தத்தான் வேண்டும்.

அண்ணனின் டிரைவைச் செருகியதும், எதையும் கொப்பி செய்யாமல், கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து இதைக் கேட்டேன் (டிரைவ் எழுத்து E):

```
fsutil dirty query E:
```

`Volume - E: is Dirty` என்று வந்தது. அவர் ஏற்கெனவே வெறும் `chkdsk E:` ஓட்டிப் பார்த்திருக்கிறார். இரண்டாவது தவறு அது. `/f` இல்லாமல் ஓட்டினால் chkdsk பார்க்க மட்டும் செய்யும், எதையும் எழுதாது; குறியும் போகாது. டிரைவில் உள்ளதை முதலில் வேறு இடத்துக்குக் கொப்பி எடுத்துவிட்டு இப்படி ஓட்ட வேண்டும்:

```
chkdsk E: /f
```

ஏதாவது ஃபைல் திறந்திருந்தால், டிரைவை வலுக்கட்டாயமாக விடுவிக்கலாமா என்று கேட்கும். ஃபைல்களை மூடிவிட்டு Y கொடுங்கள். அறுந்துபோன துண்டுகளைக் கண்டால் அவற்றை ஃபைலாகச் சேமிக்கவா என்றும் கேட்கலாம். Y கொடுத்தால் `FOUND.000` என்ற ஃபோல்டரில் வைக்கும்.

அடுத்தது கட்டாயம் செய்ய வேண்டியது, பலர் விட்டுவிடுவது. எஜெக்ட் செய்து, வேறு எங்கும் செருகாமல், அதே கம்ப்யூட்டரில் மறுபடி செருகி `fsutil` கட்டளையைத் திரும்பக் கொடுங்கள். எங்களுக்கு `is NOT Dirty` என்று வந்தது. அப்படியென்றால் பென் டிரைவிலும் கம்ப்யூட்டரிலும் பிழை இல்லை, குறி வேறு எங்கோ விழுகிறது.

எங்கே என்று விசாரித்தால், ஸ்டூடியோ முன்னறையில் இருக்கும் டிவி. திருமண அல்பத்துக்குப் படம் தெரிவு செய்ய வருபவர்களுக்கு அதில்தான் காட்டுகிறார். பார்த்து முடிந்ததும் ரிமோட்டில் டிவியை நிறுத்திவிட்டு டிரைவை இழுத்துவிடுவார். "படம் பார்த்தது மட்டும்தானே, எழுதவில்லையே" என்று தோன்றும். ஆனால் பல டிவிகளுக்குள் ஓடுவது லினக்ஸ். எழுதும் அனுமதியோடு FAT32 டிரைவைத் திறந்தாலே அது குறியைப் போட்டுவிடும். முறையாக விடுவித்தால்தான் அழிக்கும். கமராவிலிருந்தும் வாகன செட்டிலிருந்தும் அப்படியே இழுப்பதாலும் இதே கதை நடக்கலாம்.

டிவி மெனுவில் யூஎஸ்பியை விடுவிக்கும் தெரிவு இருந்தால் அதைக் கொடுத்துவிட்டுக் கழற்றுவதுதான் வழி. அந்த டிவியில் அப்படி ஒன்று இல்லை. அதனால் காட்டுவதற்கென்று கொப்பி மட்டும் உள்ள தனிப் பென் டிரைவ் ஒன்றை டிவிக்கு ஒதுக்கச் சொன்னேன். அதில் குறி விழுந்தாலும் நட்டமில்லை. மூலப் படங்கள் உள்ள டிரைவ் டிவிப் பக்கம் போகவே கூடாது. எஸ்டி கார்டு என்றால் பக்கத்தில் உள்ள பூட்டைப் போட்டுவிட்டுக் கார்டு ரீடரில் செருகலாம்.

சிலர் ஆட்டோபிளேயை நிறுத்தி அறிவிப்பையே வராமல் செய்துவிடுகிறார்கள். குறி அப்படியே இருக்கும், பழுது வளர்ந்தாலும் தெரியாது. வேறு சிலர் உடனே ஃபார்மட் செய்கிறார்கள். குறி போய்விடும், படங்களும் போய்விடும். டிவியில் செருகியதும் குறி திரும்ப வந்து நிற்கும்.

அதே கம்ப்யூட்டரில் திரும்பச் செருகியபோதே `is Dirty` என்று வந்தால் விஷயம் வேறு. வேறு யூஎஸ்பி துளை, வெளி ஹார்ட் டிஸ்க் என்றால் வேறு கேபிள் மாற்றிப் பாருங்கள். அப்புறம் ஈவென்ட் வியூவரில் System பதிவைத் திறந்து, disk என்ற மூலத்தில் எண் 7 உள்ள பிழை இருக்கிறதா என்று தேடுங்கள். மோசமான பிளாக் உண்டு என்பதற்கான பதிவு அது. அந்த நிலையில் `chkdsk /r` ஓட்டாதீர்கள். அது டிரைவ் முழுவதையும் வாசித்துப் பார்க்கும்; சாகக் கிடக்கும் டிரைவ் அந்த வேலையிலேயே நின்றுவிடலாம். முடிந்தவரை கொப்பி எடுத்துவிட்டு, அதில் இனி எதையும் வைக்காதீர்கள்.