கஃபே லாட்டேயில் ஒளிந்திருக்கும் கலோரி: கணக்குப் போட்டு ஆர்டர் செய்வது எப்படி?

கருப்புக் காப்பியில் கலோரி இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ஒரு எஸ்பிரசோ ஷாட்டில் இரண்டு மூன்று கலோரிக்கு மேல் வராது. எடை கூட்டுவது அதன் மேல் ஊற்றுவதும் பிழிவதும்தான். பால், சிரப், மேலே வைக்கும் விப்டு கிரீம் என்று மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டால் எதை விடலாம், எதை வைத்துக்கொள்ளலாம் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

எடுத்துக்காட்டாக, 470 மி.லி. கப்பில் ஒரு வெனிலா லாட்டே. மேலே கிரீம், அதன் மேல் கேரமல் கோடு. இதை வைத்தே படிப்படியாகப் போகலாம்.

படி 1: பாலை அளந்துகொள்ளுங்கள்

கப் 470 மி.லி. என்றால் பாலும் 470 இல்லை. இரண்டு ஷாட்டும் நுரையும் போக, சுமார் 300 மி.லி. பால் இருக்கும். கொழுப்பு நீக்காத பால் 100 மி.லி.க்கு 63 கலோரி அளவில் வரும், ஆக 190. கொழுப்பு நீக்கிய ஸ்கிம்டு பால் என்றால் 100 மி.லி.க்கு 35, ஆக 105.

அதே கப்பில் கப்புசினோ கேட்டால் நுரை அதிகம், பால் குறைவு. ஐஸ் லாட்டேயிலும் ஐஸ் இடத்தை அடைத்துக்கொள்வதால் பால் குறையும். ஆனால் சிரப்பின் அளவு குறைவதில்லை. பல இடங்களில் கப்பின் அளவைப் பார்த்துத்தான் சிரப் போடுகிறார்கள், அதற்குள் எவ்வளவு பால் போகிறது என்று பார்ப்பதில்லை. ஐஸ் போட்டது அதிகமாக இனிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 2: சிரப்பை "பம்ப்" கணக்கில் கேளுங்கள்

இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். "இனிப்பு கம்மியா" என்று சொன்னால் ஒருவர் ஒரு பம்ப் குறைப்பார், இன்னொருவர் பாதியாக்குவார், மூன்றாமவர் சர்க்கரைப் பொட்டலத்தை மட்டும் எடுத்து வைத்துவிடுவார். "வழக்கமா எத்தனை பம்ப் போடுவீங்க?" என்று முதலில் கேட்டுவிட்டு, "எனக்கு ஒண்ணு போதும்" என்று எண்ணிக்கையாகச் சொல்லுங்கள். நம் 470 மி.லி. கப்புக்கு நான்கு பம்ப் என்பது பரவலான வழக்கம்.

ஒரு பம்ப்பில் என்ன இருக்கிறது? சாதாரண சிரப் என்றால் 7 முதல் 10 மி.லி. வரும். அதில் 5 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை. கிராமுக்கு 4 கலோரி என்றால் பம்ப்புக்கு 20 கலோரி. நான்குக்கு 80. சாக்லேட் சாஸ் போல கெட்டியாக இருப்பவற்றின் பம்ப் பெரியதாக இருக்கலாம். 15 மி.லி. விழுந்தால் 50 கலோரி வரை போகும். மோக்கா குடிப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

வீட்டில் அதே சிரப் பாட்டில் வாங்கி அளப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கப்பைத் தராசில் வைத்துப் பத்து முறை அழுத்தினால் 100 கிராம் காட்டுகிறது என்று வையுங்கள். ஒரு பம்ப் 10 கிராம். லேபிளில் 100 மி.லி.க்கு 65 கிராம் சர்க்கரை என்று போட்டிருந்தால், 6.5 கிராம் என்று கணக்குப் போடத் தோன்றும். தப்பு. சிரப் தண்ணீரைவிட அடர்த்தியானது, இந்த மாதிரி சிரப் ஒரு மி.லி. சுமார் 1.25 கிராம் எடை இருக்கும். 10 கிராம் என்பது 8 மி.லி.தான்; சர்க்கரை 5.2 கிராம். பத்து முறை அழுத்தியதை மி.லி. கோடு போட்ட அளவுக் கோப்பையில் பார்த்துவிட்டால் இந்தக் குழப்பமே இல்லை. சிரப்புக்குத் தராசை நான் பரிந்துரைப்பதில்லை. முதல் இரண்டு அழுத்தலைக் கணக்கில் சேர்க்காதீர்கள், குழாயில் காற்று இருக்கும்.

படி 3: விப்டு கிரீம்

இதற்கு நேர்மாறாக, கிரீமுக்குத் தராசுதான். காற்றடித்து உப்ப வைத்த பொருளை மி.லி.யில் அளந்தால் பொய் சொல்லும். பால் கிரீமைச் சர்க்கரை சேர்த்து அடித்தது என்றால் 25 முதல் 30 கிராம் வைத்தாலே 90 கலோரி ஆகிவிடும். சூடான பானத்தின் மேல் அது சில நிமிடங்களில் உருகி, எண்ணெய்ப் பளபளப்புள்ள ஓர் ஏடாக நின்றுவிடும். முதலில் வெட்ட வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து. எடுத்தாலும் காப்பியின் சுவை அதிகம் மாறாது. மேலே இழுக்கும் கேரமல் கோடு 15 கலோரிதான், ஆனால் கிரீம் போனால் அதற்கும் அங்கே வேலை இல்லை.

படி 4: கழித்துப் பாருங்கள்

பால் 190, சிரப் 80, கிரீம் 90, கேரமல் 15, காப்பி 5. மொத்தம் 380.

கிரீமையும் கேரமலையும் நீக்கினால் 275. நான்கு பம்ப்பை ஒன்றாக்கினால் 215. பாலையும் ஸ்கிம்டுக்கு மாற்றினால் 130.

கடைசி மாற்றம் மட்டும் நாக்குக்கு உடனே தெரியும்; பால் தண்ணியாகிவிடும். அதற்குப் பதில் 350 மி.லி. சின்ன கப் எடுங்கள். அதில் பால் 220 மி.லி. அளவில் இருக்கும். கொழுப்பு நீக்காத பாலிலேயே 140, ஒரு பம்ப் 20, காப்பி 5, ஆக 165. பெரிய கப் ஸ்கிம்டு லாட்டேயைவிட 35 கலோரிதான் கூடுதல், குடித்த திருப்தியோ முழுசாக இருக்கும். கவுன்ட்டரில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "சின்ன கப் வெனிலா லாட்டே, சிரப் ஒரே ஒரு பம்ப், மேல கிரீமும் சாஸும் வேண்டாம்."

"சர்க்கரை வேண்டாம்" என்று சொல்லியும் இனிக்கிறதா?

மசாலா சாய் லாட்டே பல இடங்களில் இனிப்புச் சேர்த்த டீ கான்சன்ட்ரேட்டிலிருந்து வருகிறது. சில மாட்சா பொடிகளும், ஐஸோடு அடித்துத் தரும் பானங்களின் கலவையும் அப்படியே. இவற்றில் சர்க்கரை ஏற்கெனவே உள்ளே இருப்பதால், "சர்க்கரை வேண்டாம்" என்றால் கூடுதல் சிரப் மட்டுமே போகும். "இதுல சர்க்கரை கலந்தே வருதா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் சர்க்கரையை மட்டும் தனியாகக் குறைக்க வழியில்லை. பானத்தை மாற்றுங்கள், அல்லது கலவையைப் பாதி போட்டுப் பாலை நிரப்பச் சொல்லுங்கள்.

பிற்சேர்க்கை (கருத்துகளில் வந்தவை)

சிரப்பே போடாத லாட்டேக்குச் செயலியில் 14 கிராம் சர்க்கரை காட்டுகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். அது பாலிலேயே இருக்கும் லாக்டோஸ், 100 மி.லி.க்கு 5 கிராமுக்குச் சற்றுக் குறைவு. கடைக்காரர் ஏமாற்றவில்லை.

ஓட்ஸ் பாலுக்கு மாறியும் எடை குறையவில்லை என்று இன்னொருவர். ஓட்ஸ் பால் தயாரிக்கும்போது மாவுச்சத்தை நொதிகள் மால்டோஸ் சர்க்கரையாக உடைக்கின்றன. அதனால் சர்க்கரை சேர்க்காதது என்று போட்டிருந்தாலும் இனிக்கும். காப்பிக்கென்றே விற்கும் வகையில் நன்றாக நுரை வர எண்ணெயும் சேர்ப்பார்கள். 240 மி.லி.க்கு 120 முதல் 140 கலோரி, அதாவது கிட்டத்தட்ட சாதாரணப் பால் அளவுதான். கலோரிதான் குறிக்கோள் என்றால் இனிப்பில்லாத பாதாம் பால். அதே அளவில் 30 முதல் 40. நுரை மட்டும் சுமாராகத்தான் வரும். கடையில் இனிப்புச் சேர்த்த பாதாம் பால் வைத்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, டப்பாவைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.