சின்ன பசில் கேமில் லூப் எங்கே அறுந்துபோகிறது?

பசில் கேம் ஒன்றைச் செய்து வெளியிட்டால், முதல் நாள் ஆடியவர்களில் பெரும்பாலோர் மறுநாள் திரும்பி வருவதில்லை. உடனே டெய்லி போனஸ், சுழல் சக்கரம், நாணயம், பரிசுப் பெட்டி என்று ஒவ்வொன்றாக ஒட்ட ஆரம்பிக்கிறார்கள். இதுதான் முதல் தவறு. இவை எல்லாம் லூப்பைச் சுற்றி இருப்பவை. பலகையைப் பார்ப்பது, யோசிப்பது, ஒரு நகர்வு செய்வது, அதனால் பலகை மாறுவதைப் பார்த்து மறுபடி யோசிப்பது, இந்தச் சுற்றுதான் கோர் லூப். இது பிடிக்காதவரை நூறு நாணயம் கொடுத்தும் நிறுத்தி வைக்க முடியாது.

எல்லோருக்கும் தெரிந்த வகை ஒன்றை எடுத்துக்கொள்வோம்: டியூபில் நிறத் தண்ணீரைப் பிரிக்கும் கேம். 9 நிறம், நிறத்துக்கு 4 பங்கு, மொத்தம் 36 பங்கு. நிரம்பிய டியூப் 9, காலி டியூப் 2. மேலே உள்ள நிறத்தை அதே நிறத்தின் மேலோ காலி டியூபிலோதான் ஊற்றலாம். கேமின் விதி இவ்வளவுதான்.

இதைச் சோதிக்க, நாணயம், மேப், இசை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு 15 லெவலும் ஒரு "அடுத்தது" பட்டனும் மட்டும் வைத்து ஐந்தாறு பேரிடம் கொடுங்கள். எதுவும் சொல்லாமல் பக்கத்தில் இருந்து பாருங்கள். யாரும் கேட்காமலே அவர்கள் அடுத்த லெவலுக்குப் போகிறார்களா என்பது ஒன்றுதான் கேள்வி. மூன்றாவது லெவலில் போனைத் திருப்பித் தருகிறார்கள் என்றால் குறை விதியிலோ லெவலிலோ இருக்கிறது.

லெவலுக்கும் லெவலுக்கும் நடுவே

அதிகம் பேர் கவனிக்காமல் விடும் இடம் இது. கடைசி ஊற்று முடிந்ததிலிருந்து அடுத்த பலகையில் முதல் தொடுதல்வரை எத்தனை நொடி? ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடுத்து எண்ணிப் பாருங்கள். வழக்கமான ஒரு கணக்கு இப்படி வரும்: நட்சத்திரம் விழ 2 நொடி, நாணயம் பறந்து போய்ச் சேர 1.5, "இரட்டிப்பாக்கு" பெட்டியில் மூடும் குறி தெரிய 3, மேப் நகர 2, லெவல் தொடக்கப் பெட்டி திறக்க 1.5. மொத்தம் 10 நொடி. 20 லெவல் ஆடினால் 200 நொடி, அதாவது மூன்று நிமிடத்துக்கும் மேல் சும்மா பார்த்துக்கொண்டிருந்த நேரம். அந்தப் பத்து நொடி ஒவ்வொன்றும் "சரி, போதும்" என்று போனைக் கீழே வைக்க ஒரு வாய்ப்பு.

செய்ய வேண்டியது: லெவல் முடிந்ததும் ஒரு நொடிக்குள் புதிய பலகை உள்ளே வர வேண்டும். நாணயக் கணக்கு ஓரத்தில் தன்பாட்டில் ஏறட்டும், அதற்காகத் தொடுதலைத் தடுக்க வேண்டாம். ரீஸ்டார்ட்டும் ஒரே தொடுதல்தான். "உறுதியாகவா?" என்று கேட்க வேண்டாம். தவறிப்போய்த் தொட்டால் மீட்க அன்டூ பட்டனே போதும்.

இதே தவறு லெவலுக்குள்ளேயும் இருக்கும். ஊற்றும் ஆனிமேஷன் 0.6 நொடி ஓடும்போது மற்றத் தொடுதல்களைப் பூட்டிவைத்தால், 30 ஊற்று உள்ள லெவலில் 18 நொடி பூட்டிலேயே போகும். பழகியவர் அடுத்த நகர்வை முன்பே முடிவு செய்திருப்பார். அவர் விரல்பட்டும் டியூப் அசையாது. தொட்ட கணமே கேமின் நிலையை மாற்றிவிட்டு, ஆனிமேஷனைப் பின்னால் ஓடவிடுங்கள். நிலையும் படமும் தனித்தனியாக இருக்கும்படி முதலிலேயே எழுதினால் இது எளிது. பிறகு பிரிப்பது பெரிய வேலை.

தோற்றதே தெரியாமல் தோற்பது

இந்த வகை கேமில் "தோற்றுவிட்டாய்" என்று எதுவும் சொல்வதில்லை. முடிக்கவே முடியாத நிலைக்கு வந்த பிறகும் ஊற்ற இடம் இருக்கும். ஒரே நிறம் மட்டும் உள்ள டியூபை அப்படியே காலி டியூபில் ஊற்றலாம், திரும்ப ஊற்றலாம். ஆடுபவர் ஐந்து நிமிடம் இப்படியே அலைந்து, தனக்குத்தான் மூளை போதவில்லை என்று நினைத்து மூடிவிடுவார்.

ஒவ்வொரு ஊற்றுக்குப் பிறகும் பின்னணியில் தீர்வு தேடும் நிரல் ஒன்றை ஓட்டலாம். இப்போதைய நிலையிலிருந்து போகக்கூடிய எல்லா நிலைகளையும், பார்த்ததைத் திரும்பப் பார்க்காமல் தேடி, முடிவு எங்கும் இல்லை என்றால் அது முட்டுச்சந்து. உடனே அறிவிக்க வேண்டாம், யோசிக்கும் இன்பம் போய்விடும். அதற்குப் பிறகும் ஆறேழு ஊற்று வீணாகப் போனால் அன்டூ பட்டன் மெல்லத் துடிக்கட்டும். அன்டூவுக்கு எண்ணிக்கை வரம்பும் வேண்டாம். ஐந்து முறைக்கு மேல் விளம்பரம் பார் என்பது, ஆடுபவர் யோசித்துக்கொண்டிருக்கும் அதே கணத்தில் லூப்பை வெட்டுவது.

லெவலை உருவாக்கும்போதும் இதே நிரல் வேண்டும். 36 பங்கைக் கலைத்துப் போட்டால் அதில் சில தீர்க்கவே முடியாதவையாக அமையலாம். தீர்ந்த நிலையிலிருந்து பின்னோக்கிக் கலைத்தால் பிரச்சினை இல்லை என்று நம்புகிறவர்கள் உண்டு. பின்னோக்கிய ஒவ்வொரு நகர்வையும் முன்னோக்கி விதிப்படி செய்ய முடிகிறதா என்று பார்த்தால்தான் அது உண்மை. எதன் மேலும் எதையும் ஊற்றிக் கலைத்தால் உத்தரவாதம் போய்விடும்.

நிறத்தைக் கூட்டுவது கடினத்தைக் கூட்டுவது அல்ல

நிறம் 5, 6, 7 என்று ஏறிக்கொண்டே போகும் வரிசை நீளத்தைத்தான் கூட்டும். கடினத்தை அதிகம் மாற்றுவது காலி டியூபின் எண்ணிக்கையும், வேண்டிய நிறம் எவ்வளவு அடியில் புதைந்திருக்கிறது என்பதும். லெவல் ஒன்றுக்கு 1000 முறை கண்ணை மூடிக்கொண்டு ஆடும் நிரலை ஓட்டி, எத்தனை முறை தற்செயலாகத் தீர்ந்தது என்று எண்ணுங்கள். 400 என்றால் எளிது, 3 என்றால் முள்.

அந்த எண்ணை வைத்து வரிசையை ரம்பப் பல் போல அமையுங்கள்: பத்தில் எட்டாவது உச்சம், ஒன்பதும் பத்தும் இறக்கம், அடுத்த பத்து முந்தைய உச்சத்துக்குக் கீழே தொடங்கட்டும். திணறி முடித்த பிறகு வரும் எளிய லெவலில்தான் ஆடுபவருக்குத் தன் கை தேறியிருப்பது தெரிகிறது.

நாள் மாறும் நேரம்

2021-இல் பரவிய வேர்ட்ல், நாளுக்கு ஒரே ஒரு புதிர் கொடுத்தே ஆட்களைத் திரும்ப வரவைத்தது. அதைப் பார்த்துத் தினப் புதிரும் ஸ்ட்ரீக்கும் வைப்பவர்கள், சர்வரின் UTC நேரத்தில் நாளை மாற்றிவிடுகிறார்கள். UTC நள்ளிரவு இந்தியாவில் காலை 5:30. திங்கள் இரவு 10 மணிக்கு ஒருவர் ஆடுகிறார், செவ்வாய் காலை 5 மணிக்கு ரயிலில் மறுபடி திறக்கிறார். சர்வருக்கு இரண்டும் திங்கள்தான். செவ்வாய்க்கு ஆடியாயிற்று என்று நம்பி, புதன் மாலை திறந்தால் 40 நாள் ஸ்ட்ரீக் பூஜ்யம். இப்படி இழந்தவர் ஒன்றிலிருந்து தொடங்குவது அரிது.

போனின் உள்ளூர்த் தேதியை `2025-03-04` போலச் சேமித்து, தேதியோடு தேதியை ஒப்பிடுங்கள். 24 மணிநேரக் கணக்கு வைத்தால் தினமும் சிறிது தள்ளித் தள்ளிப் போகும். கடிகாரத்தை மாற்றி ஏமாற்றுவார்களே என்றால், பரிசுப் பணம் இல்லாத கேமில் அதனால் யாருக்கும் நட்டமில்லை. வாரத்துக்கு ஒரு நாள் தவறினால் தானாக மன்னித்துவிடுங்கள்.

மாற்றம் செய்தபின் எண்களை அவசரமாக நம்ப வேண்டாம். 100 பேரில் மறுநாள் வந்தவர் 30-இலிருந்து 35 ஆனால் அது வெறும் ஏற்ற இறக்கமாகவும் இருக்கலாம். அந்த அளவில் எண் தற்செயலாகவே நாலைந்து அங்குமிங்கும் போகும். அதைவிடச் சீக்கிரம் உண்மை சொல்வது, ஒவ்வொருவரும் மூடும் முன் பதிவான கடைசி நிகழ்வு. `level_start`, `level_restart`, `level_end` மூன்றையும் பதிவு செய்யுங்கள். கடைசி `level_restart` ஒரே லெவலில் குவிந்தால் அந்த லெவலைப் பாருங்கள். `level_end`-க்குப் பிறகு `level_start` வராமல் போவது எல்லா லெவலிலும் ஒரே அளவில் இருந்தால், நடுவில் இருக்கும் அந்தப் பத்து நொடியைப் பாருங்கள்.