தடுப்பூசி ஃபிரிட்ஜில் திரை 5, லாகர் −0.8

கதவுத் திரை எப்போதும் 5 டிகிரிதான். பின்வரிசையில் வெப்பநிலையைப் பதிவுசெய்துகொண்டிருந்த டேட்டா லாகரோ மதியம் −0.8 வரை போய், ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே நின்றிருந்தது. லாகரை மாற்றினேன், தெர்மோஸ்டாட்டைத் திருகினேன், பயனில்லை.

கூட்டம் அதிகமான நாளில் மட்டும்தான் இந்தச் சரிவு என்பது பிறகே கண்ணில் பட்டது. கிளிப்பிலிருந்து கழன்ற சென்சார் கதவு ரப்பரோரம் தொங்கிக்கொண்டிருந்தது. கதவைத் திறக்கும்போதெல்லாம் அது சூடாகி, கம்ப்ரஸரை ஓடவிட்டது. திரையும் அதே சென்சாரைத்தான் காட்டுகிறது! பழைய இடத்தில் மாட்டியதும் லாகரும் 4–5க்கு வந்தது.

பின்வரிசையில் 12 ஹெபடைடிஸ் பி குப்பிகள். தனியே ஒதுக்கி, அதே பேட்ச் குப்பி ஒன்றை வேண்டுமென்றே உறைய வைத்து, உருகியபின் ஒப்பிட்டுக் குலுக்கிப் பார்த்தோம். பன்னிரண்டிலும் வண்டல் உறைய வைத்த குப்பியின் அதே வேகத்தில் படிந்தது, அதாவது அவையும் உறைந்திருந்தன, எல்லாமே கழிவுக்கு. உலர்தூளான எம்.எம்.ஆரை உறைதல் கெடுக்காது, வைத்துக்கொண்டோம்.