வெளிநாட்டில் வங்கி ஓடிபி: ரோமிங் இல்லாத ஊர் சிம்மை வைத்துச் செய்யும் தவறுகள்

வளைகுடாவுக்குப் புதிதாக வேலைக்கு வரும் பையன்கள், எங்கள் செட் ஆட்கள் வந்த காலத்தில் மாட்டிய அதே இடத்தில்தான் இன்றும் மாட்டுகிறார்கள். சம்பளம் ஊர்க் கணக்குக்குப் போய்விடும். அங்கிருந்து யாருக்காவது அனுப்ப வேண்டும் என்று நெட் பேங்கிங்கைத் திறந்தால், ஓடிபி ஊர் நம்பருக்குப் போகும். அந்த சிம்மோ பெட்டிக்குள் இருக்கும், இல்லையென்றால் போனில் ‘நோ சர்வீஸ்’ என்று காட்டிக்கொண்டிருக்கும்.

யாரோ போன் செய்து ஓடிபி கேட்டால் சொல்லக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அதை விட்டுவிடுகிறேன். தெரியாமல் நடப்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

“டவரே இல்லை, எதுக்கு ரீசார்ஜ்?”

இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டாலும் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. ஏனென்றால் மற்ற தவறுகளைப் பெரும்பாலும் சரி செய்துவிடலாம். இந்த ஒன்றுக்கு மட்டும் மாதக் கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

சவூதியின் தம்மாமில் எங்கள் கேம்ப்பில் இருந்த ஒரு தம்பியின் கதை இது. ஊர் புதுக்கோட்டைப் பக்கம், வேலை வெல்டிங். ஜனவரிக் கடைசியில் வந்தான். ஊர் சிம்மில் 28 நாள் பேக். இங்கே ரோமிங் கிடையாது. பிப்ரவரியில் பேக் முடிந்தது. “அண்ணே, இங்க டவரே காட்டல. காச ஏன் வீணாக்கணும்?” என்றான். பக்கத்துக் கட்டில்காரர்களும் அதையேதான் சொன்னார்கள்.

இந்தியத் தொலைத்தொடர்பு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் டிராயின் விதி என்ன சொல்கிறது என்று பாருங்கள். ப்ரீபெய்டு நம்பர் ஒன்றில் 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல், இருப்பும் 20 ரூபாய்க்குக் கீழே இருந்தால், அதை நிறுவனம் துண்டிக்கலாம். 20 ரூபாய் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு இன்னும் 30 நாள் வைத்திருப்பார்கள். துண்டித்த பிறகும் 15 நாளுக்குள் கட்டணம் கட்டினால் அதே நம்பரைத் திரும்ப வாங்கலாம். பயன்பாடு என்றால் அழைப்பு, எஸ்எம்எஸ், டேட்டா. வந்ததோ போனதோ, எதுவானாலும் சரி. ஆனால் ரோமிங் இல்லாத சிம்முக்கு வெளிநாட்டில் டவர் வழியாக இவற்றில் ஒன்றுமே நடக்காது. வங்கி அனுப்பும் எஸ்எம்எஸ்கூடப் போனை வந்து சேராது. அதனால் விமானம் ஏறிய நாளிலிருந்தே அந்த 90 நாள் ஓடத் தொடங்கிவிடுகிறது. தம்பிக்கு இது எதுவும் தெரியாது. ஏப்ரல் கடைசியில் நம்பர் போனது.

துண்டித்த நம்பர் அப்படியே கிடக்காது. குறைந்தது 90 நாள் கழித்து வேறு ஒருவருக்குப் புது நம்பராகக் கொடுக்கலாம். 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் வந்த வழக்கில் டிராய் சொன்னதும் இதைத்தான். இந்தக் கணக்குப்படி ஜூலைக் கடைசிக்குப் பிறகு தம்பியின் நம்பர் யார் கைக்கும் போயிருக்கலாம். போயும் விட்டது.

அவனுக்கு அது செப்டம்பரில்தான் தெரிந்தது. ஊரில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். தளம் போட நாள் குறித்தாயிற்று, கொத்தனாருக்கும் கம்பிக் கடைக்கும் பணம் கொடுக்க வேண்டும். கணக்கில் 3 லட்சத்துக்கு மேல் இருக்கிறது. லாகின் செய்தால் ஓடிபி கேட்கிறது. ஊர் நம்பருக்குப் போன் போட்டோம், யாரோ ஒரு அம்மா எடுத்தார். “ஆமாப்பா, ஏதோ பேங்க் மெசேஜ் வந்துக்கிட்டே இருக்கு. எனக்கு ஒண்ணும் புரியல” என்றார். நல்ல மனுஷி. இவன் சம்பளம் கணக்கில் ஏறிய எஸ்எம்எஸ்ஸும் அவருக்குத்தான் போயிருந்தது. அந்த இடத்தில் வேறு மாதிரி ஆள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, ஏடிஎம் கார்டு கையில் இருக்கிறதே, இங்கேயே எடுத்து அனுப்பலாமே என்றோம். நடக்கவில்லை. 2020-இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிதாகக் கொடுக்கும் கார்டு இந்தியாவுக்குள் மட்டும்தான் வேலை செய்யும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமேதான் இயக்க வேண்டும். அதற்கும் ஆப்புக்குள் போக வேண்டும், அதற்கும் ஓடிபி. நம்பரை மாற்றலாம் என்றால், ஆன்லைனில் பழைய நம்பரின் ஓடிபி கேட்கிறது. வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு வாசலில் நிற்கிற கதைதான். அப்பா கிளைக்குப் போய்க் கேட்டார். கணக்கு வைத்திருப்பவர் நேரில் வர வேண்டும், இல்லையென்றால் படிவத்தையும், பாஸ்போர்ட், சவூதியில் தங்குவதற்கான அனுமதி அட்டையான இக்காமா ஆகியவற்றின் நகல்களையும் சான்றொப்பம் வாங்கி அனுப்ப வேண்டும் என்றார்கள். வார நாளில் தூதரக வேலைக்கு லீவு போட்டு, கையெழுத்து வாங்கி, கூரியரில் அனுப்பி, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று ஒரு தடவை திரும்பி வந்து, மறுபடி அனுப்பி நம்பர் மாறியது. அதற்குள் தளம் வட்டிக் காசில் போட்டாகிவிட்டது.

இதைத் தவிர்க்க ஆன செலவு என்று பார்த்தால், ஒரு நீண்ட கால ரீசார்ஜ்தான். 2024 டிசம்பரில் டிராய் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு, டேட்டா இல்லாமல் அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக்குகளை நிறுவனங்கள் தர வேண்டும். இந்த வகை பேக்கின் வேலிடிட்டி 365 நாள் வரை இருக்கலாம். கிளம்பும் முன் அதைப் போட்டுவிடுங்கள். மேலே கொஞ்சம் மெயின் பேலன்ஸும் வையுங்கள். முடியும் தேதியை ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். அப்புறம், ரீசார்ஜ் இருந்தால் நம்பர் உயிரோடு இருக்கும், அவ்வளவுதான். ஓடிபி இங்கே வர அது வழி செய்யாது. அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

சிம்மைக் கூடப் பிறந்த தம்பியிடம் கொடுத்துவிட்டு வருவது

நிறையப் பேர் செய்கிற ஏற்பாடு இது. ஊரில் ஒரு பட்டன் போனில் சிம் கிடக்கும், ஓடிபி வந்ததும் தம்பி வாட்ஸ்அப்பில் படித்துச் சொல்வான். முதல் ஒன்றிரண்டு மாதத்துக்கு வேறு வழி இல்லாமல் போகலாம், அதை நான் குறை சொல்லவில்லை. அதையே ஆண்டுக் கணக்கில் தொடர்வதைத்தான் வேண்டாம் என்கிறேன். ஓடிபி சில நிமிடம்தான் செல்லும். தம்பி வயலில் இருப்பான், போன் வீட்டில் இருக்கும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. வாடிக்கையாளரே ரகசியத்தைப் பகிர்ந்ததால் பணம் போனால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை ஆன நஷ்டம் முழுவதும் வாடிக்கையாளர் தலையில்தான். 2017-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையில் இது இருக்கிறது. எஸ்எம்எஸ்ஸைத் தானாக அனுப்பிவைக்கும் ஆப்களை நம்பவே வேண்டாம். உங்கள் எல்லா ஓடிபியையும் படிக்கும் உரிமையை முகம் தெரியாத ஒருவருக்குத் தருகிறீர்கள்.

இங்கே வந்து புதுப் போன் வாங்கி, பழையதை விற்பது

முதல் சம்பளத்தில் புதுப் போன் வாங்காதவர் குறைவு. ஆனால் யுபிஐ ஆப்பும் பல வங்கி ஆப்களும் முதல் முறை பதியும்போது, உங்கள் சிம்மிலிருந்து தாமாகவே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்க்கும். வரும் எஸ்எம்எஸ் பற்றியே எல்லோரும் கவலைப்படுகிறார்கள், போகும் எஸ்எம்எஸ்ஸை யாரும் நினைப்பதில்லை. சேவை இல்லாத சிம்மிலிருந்து அது போகாது. பழைய போனில் ஆப் வேலை செய்துகொண்டிருந்தால் அந்தப் போனை அழிக்காதீர்கள், ஆப்பை நீக்காதீர்கள். மாற்றுவதை ஊருக்கு லீவில் போகும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் அன்று இசிம்முக்கு மாறுவது

சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. ஒரு வாரம் முன்பே முடியுங்கள்.

வைஃபை காலிங்கைச் சோதிக்காமல் நம்புவது

டவர் இல்லாவிட்டாலும் வைஃபை வழியாக ஊர் நெட்வொர்க்கோடு போன் இணையும் வசதி இது. சிலருக்கு ஓடிபிகூட இதில் வந்துவிடுகிறது. ஆனால் இது போனின் மாடலையும் சிம் நிறுவனத்தையும் பொறுத்தது. சில நாடுகளிலும் சில கேம்ப் வைஃபைகளிலும் இணையவே இணையாது. ஊரில் இருக்கும்போதே போன் செட்டிங்ஸில் Wi-Fi Calling-ஐ இயக்குங்கள். பிறகு ஏர்பிளேன் மோடு போட்டு, வைஃபையை மட்டும் திறந்து, நெட் பேங்கிங்கில் லாகின் செய்து பாருங்கள். நண்பர் அனுப்பும் எஸ்எம்எஸ் வந்தால் போதாது, வங்கியின் ஓடிபியே வர வேண்டும். ஊரில் வந்தால் இங்கே வரும் என்று உறுதி இல்லை. ஊரிலேயே வரவில்லை என்றால் இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

வெளிநாட்டு நம்பரைப் பதியாமலே காலம் தள்ளுவது

நிலையான தீர்வு இதுதான். பல வங்கிகள் வெளிநாட்டு நம்பருக்கு ஓடிபி அனுப்புகின்றன, சில வங்கிகள் மின்னஞ்சலுக்கும் அனுப்புகின்றன. ஆனால் பெரும்பாலும் இந்த வசதி என்ஆர்ஐ கணக்குகளுக்கு மட்டும்தான். வெளிநாட்டு வேலைக்குப் போனவர் தன் சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும் என்பது சட்டமே. மாற்றாமல் ஓட்டுகிறவர்களுக்கு நம்பர் பதியும் கதவும் திறக்காது.

வரிசை முக்கியம். இக்காமா வந்து உங்கள் பெயரிலேயே சிம் வாங்கிய பிறகு, ஊர் சிம் உயிரோடு இருக்கும்போதே பதியுங்கள். பழைய நம்பரின் ஓடிபி கேட்பார்கள். அந்த ஒரு வேலைக்குத்தான் ஊர் சிம்மை வீட்டில் போட்டு வைத்திருக்கிறீர்கள். மாறியதும் சிறு தொகை ஒன்றை அனுப்பிப் பாருங்கள். லாகின் ஓடிபி ஒரு நம்பருக்கும் பணம் அனுப்பும் ஓடிபி இன்னொரு நம்பருக்கும் போகும் குழப்பம் அப்போதே தெரிந்துவிடும். மின்னஞ்சலைத் தேர்ந்தால், அந்த மின்னஞ்சலின் ரெகவரி நம்பர் ஊர் நம்பராக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

யுபிஐ வேண்டுமென்றால் நாடும் பொருந்த வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளை வெளிநாட்டு நம்பரோடு யுபிஐ-யில் இணைக்க, யுபிஐ-யை நடத்தும் என்பிசிஐ 2023 ஜனவரியில் வெளியிட்ட பட்டியலில் 10 நாடுகள் இருந்தன. சவூதி, அமீரகம், கத்தார், ஓமன் அதில் உண்டு. குவைத்தும் பஹ்ரைனும் இல்லை.

கம்பெனி கொடுத்த சிம்மைப் பதிவது

வேலை போனால் நம்பரும் போகும்.

எக்ஸிட் அடித்த பிறகு நம்பர் மாற்ற நினைப்பது

ஊரோடு திரும்புகிறவர்கள் கடைசி வாரத்தில் பெட்டி கட்டுவதிலேயே இருப்பார்கள். விமானம் ஏறும் முன், இங்கத்திய சிம் வேலை செய்யும்போதே, வங்கியில் ஊர் நம்பரைத் திரும்பப் பதிந்துவிடுங்கள். மாற்றுவதற்கான ஓடிபி இங்கத்திய நம்பருக்குத்தான் வரும்.