படக்கென்று, படக் படக்கென்று, படபடவென்று: மூன்றும் ஒன்றல்ல

பேச்சுத் தமிழில் ஒலிக்குறிப்புச் சொற்களைப் பழகுகிறவர்கள் நீளமான பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரே ஒரு சொல்லை எடுத்து அதன் மூன்று வடிவங்களையும் சொல்லிப் பாருங்கள்.

படி 1: எத்தனை முறை?

காற்றடிக்கும் நாளில் ஜன்னல் கதவைக் கவனியுங்கள். ஒருமுறை மூடிக்கொண்டால் "படக்கென்று மூடியது". விட்டுவிட்டு அடித்தால் "படக் படக்கென்று அடிக்கிறது". இடைவெளியே இல்லாமல் ஆடினால் "படபடவென்று அடிக்கிறது". கடைசியில் நிற்கும் 'க்' தான் வேலை செய்கிறது. அது ஒலியை அடைத்து நிறுத்துகிறது. அதை எடுத்துவிட்டால் ஒலி ஓடத் தொடங்கும், ஆனால் தனியாக நிற்காது. "கதவு படவென்று மூடியது" என்று யாரும் சொல்வதில்லை. 'படபட'வைப் பிரித்தால் பொருள் போய்விடும் என்பதால்தான் இலக்கணம் இதை இரட்டைக்கிளவி என்கிறது. "பாம்பு பாம்பு!" என்பது வேறு. அதில் ஒரு பாம்பே போதும், பொருள் தரும்.

படி 2: எழுதும்போது

பேச்சில் 'ன்னு' வரும்: படக்குன்னு, படபடன்னு. எழுத்தில் 'க்' இருந்தால் 'கென்று', உயிரில் முடிந்தால் 'வென்று': மடக்கென்று, மடமடவென்று.

படி 3: ஒலியைக் கழற்றுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. "மடக்கென்று ஒரு வாய் குடித்தான்" என்றால் தொண்டையின் ஒலி கேட்கிறது. "மடமடவென்று குடித்தான்" என்றால் ஒலியோடு வேகமும் வருகிறது. "மடமடவென்று எழுதி முடித்தான்" என்னும்போது ஒலி எதுவுமில்லை, வேகம் மட்டும்தான் மிச்சம். அப்புறம், இதே வழியில் சொற்கள் மனசுக்குள்ளும் போகின்றன. காதுக்குள் எறும்பு புகுந்தால் குறுகுறுக்கும். பொய் சொன்ன பிறகு நெஞ்சும் அப்படித்தான் குறுகுறுக்கும். ஜன்னலின் 'படபட' பரீட்சை அறை வாசலில் நிற்பவனின் படபடப்பாகிவிடுகிறது.

படி 4: எங்கே தவறும்?

மூன்று வடிவமும் எல்லாச் சொல்லுக்கும் அமையாது. போலீஸைப் பார்த்ததும் நெஞ்சு "திக்கென்றது", சரி. "திக் திக்கென்று அடித்தது", அதுவும் சரி. ஆனால் 'படபட' போல இரட்டித்து "நெஞ்சு திகுதிகுவென்று இருந்தது" என்றால் கேட்பவர் குழம்புவார், ஏனென்றால் திகுதிகுவென்று எரிவது நெருப்பு. 'பக்' கூட இப்படித்தான்: பயத்தில் பக்கென்று இருக்கும், பகபகவென்று இருந்தால் அது பசி.

வினையாக்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். 'படபடவென்று' என்பதிலிருந்து 'படபடத்தது' சரளமாக வரும். 'விறுவிறுவென்று நடந்தான்' என்பதை 'விறுவிறுத்தான்' என்று மாற்ற முடியாது. 'விறுவிறுப்பு' என்ற பெயர்ச்சொல் உண்டு, ஆனால் அது நடையை விட்டுக் கதைக்கும் கிரிக்கெட் ஆட்டத்துக்கும் போய்விட்டது. அதனால் புதுச் சொல் காதில் விழும்போது அதை மட்டும் குறிக்காதீர்கள். அதோடு வந்த வினைச்சொல்லையும் சேர்த்து, முழு வாக்கியமாக எழுதி வையுங்கள்.